சுடும் சூப்பை மிக்ஸியில் அரைக்கும்போது மூடி ஏன் எகிறுகிறது?

அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பை அப்படியே மிக்ஸி ஜாரில் ஊற்றி, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருப்புகிறோம். விபத்து நடப்பதென்றால் பெரும்பாலும் அந்த முதல் விநாடியிலேயே நடந்துவிடும். மூடி தூக்கிக்கொள்ளும், சூப் கை, கழுத்து, முகம் என்று தெறிக்கும். ஜாரில் ஊற்றும்போது அமைதியாகத்தானே இருந்தது, மூடியும் சரியாகத்தானே பொருந்தியது, பிறகு ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு விநாடியில் ஜாருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு ஆறவைப்பது, எதுவரை ஊற்றுவது, மூடியில் எந்த இடத்தைத் திறந்துவிடுவது ஆகிய மூன்றும் தானாகப் புரிந்துவிடும்.

காற்றுதான் தள்ளுகிறது

ஜாரில் சூப்புக்கு மேலே காலியாகத் தெரிகிற இடத்தில் காற்று இருக்கிறது. சமையலறைக் காற்று என்பதால் அதன் சூடு 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சூப் அசையாமல் இருக்கும்வரை ஆவி அதன் மேற்பரப்பிலிருந்து மட்டும்தான் கிளம்பும். கிளம்புகிற கொஞ்ச ஆவியும் மூடியின் ஓரத்தில் கசிந்து போய்விடும்.

பிளேடு சுற்றத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. சூப் ஆயிரக்கணக்கான துளிகளாகச் சிதறிக் காற்றுக்குள் பாய்கிறது. காற்றும் குமிழிகளாகச் சூப்புக்குள் இழுக்கப்படுகிறது. 30 டிகிரியில் இருந்த காற்று கண்மூடித் திறப்பதற்குள் சூப்பின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அப்போது இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. சூடான காற்று விரிகிறது. அத்தனை துளிகளிலிருந்தும் எழும் நீராவி அந்தக் காற்றோடு வந்து சேர்கிறது. இரண்டில் பெரியது இந்த நீராவிதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடியின் குறுக்களவு 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சூப் 90 டிகிரியில் இருந்து, ஜார் துளிகூடக் கசியாமல் மூடியிருந்தால், உள்ளிருந்து மூடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ 95 கிலோ எடைக்குச் சமம். 60 டிகிரி சூப் என்றால் அது 30 கிலோவுக்குப் பக்கமாக இறங்கும். 45 டிகிரிக்கு ஆறிய பிறகும் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். உண்மையில் அழுத்தம் அந்த 95 கிலோவரை ஏறுவதில்லை. அதற்கு வெகுமுன்னரே மூடி தூக்கிக்கொள்கிறது. ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடிப்பது ஏன் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. முழுப் பலத்தோடு அழுத்தினாலும் மூடி ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சந்து வழியாகச் சூப் பீறிட்டு வரும். அது பெரும்பாலும் பிடித்திருக்கிற கையின் மீதே வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறவைத்தால் தள்ளுவிசை வெகுவாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. அதை இல்லாமல் செய்வது, மூடியில் காற்று வெளியேற ஒரு வழி விடுவது மட்டும்தான்.

எவ்வளவு நேரம் ஆறவைப்பது

60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு அரைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 டிகிரிக்குப் பக்கமாக வந்தால் இன்னும் நல்லது. தெறித்தாலும் பிழைத்துக்கொள்ளும் அளவு எது என்பதைப் பொறுத்து இந்த எண்ணைச் சொல்கிறோம். 70 டிகிரி நீர் ஒரு விநாடி பட்டாலே பெரியவர்கள் தோல் ஆழமாக வெந்துவிடும். 60 டிகிரியில் அதற்கு 5 விநாடி ஆகும். 50 டிகிரிக்குக் கீழே போனால் நிமிடக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இதைவிடக் குறைந்த நேரமே போதும். கெட்டியான சூப் தண்ணீரைப் போல வழிந்து ஓடாமல் தோலில் அப்பிக்கொள்வதால், ஒரே சூட்டில் தண்ணீரைவிட அதிகமாகச் சுடும்.

ஒரு லிட்டர் சூப் கொதித்து இறக்கியதும் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, மூடாமல் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் 20 முதல் 25 நிமிடத்தில் 60 டிகிரிக்கு வரும். பருப்போ கிழங்கோ சேர்ந்து கெட்டியாக இருந்தால் அரை மணி நேரம் வையுங்கள். கெட்டிச் சூப்பின் மேலே ஆடை படிந்து ஆவியை அடைத்துவிடும். கிளறாமல் விட்டால் மேலே ஆறியது போலத் தெரியும், நடுவில் கொதிக்கக் கொதிக்க இருக்கும்.

குக்கரிலேயே மூடி வைத்துவிட்டால் இந்த நேரக்கணக்கு எதுவும் செல்லாது. விசில் அடிக்கும்போது குக்கருக்குள் சூடு 120 டிகிரிக்குப் பக்கம் இருக்கும். அழுத்தம் இறங்கி மூடி திறக்கும்போதும் உள்ளே இருப்பது கொதிநிலையில்தான். கனமான பாத்திரம் என்பதால் மூடி வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் சுடும். மண்சட்டியும் அப்படித்தான். மீன் குழம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டி தேக்கி வைத்த சூடு அது. அரைக்க வேண்டிய சூப்பை மண்சட்டியில் செய்தால், இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது.

கடற்கரை ஊர்களில் புழுக்கம் அதிகம், அதனால் எதுவும் ஆறாது என்ற எண்ணம் உண்டு. துணி காய்வதற்கு அது சரி. 80, 90 டிகிரி சூப்பிலிருந்து ஆவி கிளம்பும் வேகத்தில் காற்றின் ஈரம் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. காற்று அசைகிறதா என்பதுதான் முக்கியம். மண்டபத்திலோ தொண்டியிலோ கடல்காற்று வருகிற சன்னலோரம் ஒரு பாத்திரத்தை வைப்பதற்கும், சன்னலை அடைத்த சமையலறை மேடையில் வைப்பதற்கும் பத்து நிமிட வித்தியாசம் வரலாம். அடுப்பை அணைத்த பிறகு மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் அதே பலன்தான்.

அவசரம் என்றால் தண்ணீர்த் தொட்டி முறையே சிறந்தது. அகன்ற பேசினில் தண்ணீர் ஊற்றி, அதில் சூப் பாத்திரத்தை வைத்து, இடைவிடாமல் கிளறினால் ஒரு லிட்டர் சூப் எட்டுப் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். பேசினிலுள்ள தண்ணீர் சூடேறியதும் ஒருமுறை மாற்ற வேண்டும். இராமநாதபுரம் பக்கம் குடிநீரைக் குடம் குடமாக விலைகொடுத்து வாங்குகிறோம். இதற்கு அதைச் செலவழிக்கத் தேவையில்லை. பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் தொடுவதால் உப்புக் கிணற்றுத் தண்ணீரே போதும். பாத்திரத்தின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே இருக்கட்டும். ஒரே எச்சரிக்கை, மாடித் தொட்டித் தண்ணீரைப் பற்றியது. சித்திரை, வைகாசியில் பகல் நேரத்தில் அந்தத் தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் வரும். அதில் வைத்தால் சூப் ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். காலையில் பிடித்து வைத்த தண்ணீர் நல்லது.

சமையல் வெப்பமானி இருந்தால் கிளறிவிட்டு நடுவில் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கவாட்டில், சூப் இருக்கிற உயரத்தில், வெளியிலிருந்து விரலால் தொட்டுப் பார்க்கலாம். தொட்டவுடன் விரல் தானாகப் பின்வாங்கினால் இன்னும் நேரம் ஆகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்வரை விரலை வைத்திருக்க முடிந்தால் அரைக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. தொடும் முன் கண்டிப்பாகக் கிளற வேண்டும். பாத்திரத்தின் ஓரம்தான் முதலில் ஆறும். தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்துக் கிளறி, அரை நிமிடம் விட்டுத் தொடுங்கள். ஆவி பறக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். மின்விசிறிக் காற்றில் 80 டிகிரி சூப்பின் ஆவிகூடக் கண்ணுக்குத் தெரியாது.

சூப்பை ஆறவைத்தால் கெட்டுப்போகுமே என்ற கவலை அரை மணி நேரத்துக்குப் பொருந்தாது. அரைத்த பிறகு மறுபடி நன்றாகக் கொதிக்கவைக்கத்தான் போகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவிடுவதுதான் தவறு, அதிலும் மீனோ இறாலோ வெந்த சாறு என்றால்.

ஜாரை எதுவரை நிரப்புவது

சூடான சூப்புக்கு ஜாரின் மூன்றில் ஒரு பங்கு. இது 1.5 லிட்டர் பெரிய ஜாரில் அரை லிட்டர். ஒரு லிட்டர் நடு ஜாரில் 300 மில்லி சொச்சம். சட்னி ஜாரில் சூடான எதையும் அரைக்க வேண்டாம். அது சிறியது, மூடியில் வழியும் இருக்காது.

பாதிக்குக் குறைவாக ஊற்றினால் மேலே இடம் நிறைய இருக்கும், அழுத்தம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. இடம் அதிகமானால் அங்கே இருக்கும் காற்றும் அதிகம். எல்லாக் காற்றும் சூடேறுகிறபோது மூடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ அதே அளவுதான். குறைவாக ஊற்றச் சொல்வது வேறு காரணத்துக்காக. பிளேடு சுற்றும்போது சூப் நடுவில் குழிந்து, ஜாரின் சுவரோடு ஏறும். கூடவே காற்றுக் குமிழிகளை உள்ளே இழுத்துப் பொங்கும். பருப்பு சேர்ந்த சூப் தண்ணீரைவிட அதிகமாக நுரைக்கும். ஜார் முக்கால் நிறைந்திருந்தால் இந்தப் பொங்கல் நேராக மூடியில் போய் மோதும். அப்போது நாம் காற்றுக்காக விட்டிருக்கிற வழியை நுரை அடைத்துக்கொள்ளும். அல்லது அந்த வழியாகச் சூப்பே வெளியே வரும். இடம் விடுவது காற்றுப் பாதையைச் சூப் அடைக்காமல் இருக்கத்தான்.

ஜாரின் பக்கத்தில் கோடு போட்டு அதிகபட்ச அளவு குறித்திருப்பார்கள். அது ஆறிய பொருளுக்கான அளவு. சூடான சூப்புக்கு அதை நம்பக் கூடாது. எவர்சில்வர் ஜாருக்குள் அளவு தெரியாது என்பதால் ஒருமுறை ஒரு சோதனை செய்துகொள்ளலாம். கால் லிட்டர் டம்ளரால் இரண்டு டம்ளர் தண்ணீரைப் பெரிய ஜாரில் ஊற்றி, அது பிளேடுக்கு மேல் எத்தனை விரல் உயரம் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எப்போதும் அந்த மட்டம்தான். ஒரு லிட்டர் சூப்பை இரண்டு தடவையாக அரைக்க வேண்டியிருக்கும், மூன்று நிமிடம் கூடுதலாகும். கடைசியில் மிஞ்சிய ஒரு கரண்டிக்காக இன்னொரு தடவை எதற்கு என்று அதையும் சேர்த்து ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

மூடியில் வழி விடுவது

பெரிய ஜாரின் மூடியைப் பாருங்கள். பல மிக்ஸிகளில் அதன் நடுவில் ஒரு துளையும், துளையை அடைக்க ஒரு சிறு மூடியும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெயோ தண்ணீரோ சேர்க்க வைத்த வழி அது. சூடான சூப்பை அரைக்கும்போது அந்தச் சிறு மூடியைக் கழற்றிவிட வேண்டும். விளிம்பைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் அப்படியே இருக்கட்டும். வளையத்தைக் கழற்றி ஓரத்தில் காற்றுவிட நினைத்தால் சூப் ஓரமெல்லாம் கசிந்து மோட்டார் பக்கம் இறங்கும். காற்று நடுவழியாகப் போகட்டும், ஓரம் இறுகியிருக்கட்டும்.

திறந்த துளையின் மேல் ஒரு பருத்தித் துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். ஆவி துணியின் வழியாக ஊடுருவிப் போய்விடும், தெறிக்கும் துளிகளைத் துணி பிடித்துக்கொள்ளும். துணி உலர்ந்திருக்க வேண்டும். நனைந்த துணி ஆவியை விடாது, சூட்டையும் நேராகக் கைக்குக் கடத்தும். உள்ளங்கையை நடுத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். அங்கே அழுத்தினால் விட்ட வழியை நாமே அடைத்ததாகிவிடும். விரல்களை அகட்டி மூடியின் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

மூடியில் துளையே இல்லாவிட்டால், அந்த ஜாரில் சூடான சூப்பை அரைக்கவே கூடாது. மூடியைக் கோணலாக வைத்துச் சந்து விடுவதும், மூடியில் ஆணி அடித்துத் துளையிடுவதும் மாற்று வழி ஆகாது. கோணலாக வைத்த மூடி முதல் சுற்றிலேயே நழுவும். முழுக்க ஆறவிட்டு அரைப்பது அல்லது கீழே சொல்லியிருக்கிறபடி வெந்ததை மட்டும் பிரித்து, அதையும் முழுக்க ஆறவைத்து அரைப்பது, இவை இரண்டுதான் சரி. கோப்பையைத் திருகிக் கவிழ்த்து அரைக்கிற சிறு பிளெண்டர்கள் இதிலெல்லாம் அதிக ஆபத்தானவை. அவற்றில் காற்று போக எந்த வழியும் கிடையாது. ஓடும்போது தாங்கினாலும் திருகித் திறக்கிற நொடியில் உள்ளிருப்பது மொத்தமும் சீறிவரும். வெதுவெதுப்பானதைக்கூட அவற்றில் போட வேண்டாம்.

ஒரு முருங்கைக்காய் சூப்பை வைத்துப் பார்ப்போம்

நாலு பேருக்கு முருங்கைக்காய் சூப். ஆறு முருங்கைக்காய், 50 கிராம் பாசிப்பருப்பு, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, நாலு பல் பூண்டு, 600 மில்லி தண்ணீர். குக்கரில் மூன்று விசில். வெந்து முடிந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டருக்குப் பக்கம் வரும்.

இதை மொத்தமாக ஆறவைத்து அரைக்கத் தேவையே இல்லை. பிளேடு தேவைப்படுவது வெந்த பொருளுக்குத்தான்; சாறு ஏற்கெனவே சாறாகத்தான் இருக்கிறது. அழுத்தம் தானாக இறங்கியதும் குக்கரைத் திறந்து, வடிதட்டில் ஊற்றிச் சாற்றையும் சக்கையையும் பிரித்துவிடுங்கள். சாறு அரை லிட்டர் அளவு கீழ்ப் பாத்திரத்தில் இருக்கும். அதை மூடி வைக்கலாம், சூடாகவே இருக்கட்டும். மேலே தங்கியதை அகன்ற தாம்பாளத்தில் பரப்புங்கள். மெலிதாகப் பரப்பினால் மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடத்தில் 55 டிகிரிக்கு வந்துவிடும். முருங்கைக்காயைப் பிளந்து கரண்டியால் சதையை வழிக்கிற வேலையை இந்த நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். தோலை ஜாரில் போடக் கூடாது, நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

சதை, பருப்பு, வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்ந்து 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இதோடு மண்பானைத் தண்ணீர் அல்லது சாதாரணக் குடிநீர் 150 மில்லி சேர்க்க வேண்டும். 55 டிகிரியில் 300 கிராம், 30 டிகிரியில் 150 கிராம், இரண்டும் கலந்தால் 47 டிகிரி. ஜாரில் இருப்பது மொத்தம் 450 மில்லி, 1.5 லிட்டர் ஜாரின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. தண்ணீர் கூடுதலாகச் சேர்கிறதே என்றால், வேகவைக்கும்போதே அந்த 150 மில்லியைக் குறைத்துவிடலாம். சமையல் தெரிந்தவர்கள் இந்த அளவைத் தொடக்கத்திலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள்.

இனி அரைப்பது. ஜாரை மிக்ஸியில் பொருத்தும் முன் குமிழ் 0-வில் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் நடுத் துளை திறந்திருக்கட்டும், மேலே மடித்த துண்டு, ஓரத்தில் கை. குமிழை 1-க்குத் திருப்பி மூன்று விநாடி ஓட்டி நிறுத்துங்கள். பத்து விநாடி விட்டு மறுபடி மூன்று விநாடி. உள்ளே சூடேறிய காற்று வெளியேற இந்த இடைவெளி வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் 1-இலேயே பத்து விநாடி, பிறகு 2-இல் அரை நிமிடம். குமிழை இடப்பக்கம் திருப்பிப் பிடித்து, விட்டதும் நிற்கிற நிலையில் தொடங்குவது பாதுகாப்பு என்று சிலர் நினைப்பார்கள். பல மிக்ஸிகளில் அது நேராக முழு வேகத்தைத் தருகிற நிலை. தொடக்கத்துக்கு அது ஆகாது.

ஓட்டம் தொடங்கியும் மேலே எதுவும் அசையாமல், பிளேடு மட்டும் வெறுமையாகச் சுற்றுகிற சத்தம் கேட்டால், கெட்டிச் சூப்புக்கு அடியில் காற்றுப் பை உருவாகியிருக்கிறது. அப்போது வேகத்தைக் கூட்டினால் அந்தப் பை உடைந்து, சூப் ஒரே வீச்சில் மேலே எழும்பும். நிறுத்தி, குமிழ் 0-வில் இருக்க, மூடியைத் திறந்து கரண்டியால் கிளறிவிட்டு, இன்னும் அரை டம்ளர் ஆறிய தண்ணீர் சேர்த்து 1-இலிருந்து மறுபடி தொடங்குங்கள். மூடியைத் திறந்து மூடிய ஒவ்வொரு தடவையும் உள்ளே புதிதாகக் குளிர்ந்த காற்று நுழைந்திருக்கிறது. அதனால் முதல் விநாடியின் ஆபத்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்குகிறது. இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் நேராக 3-க்குத் திருப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அரைத்து முடித்ததும் குமிழை 0-வுக்குக் கொண்டுவந்து, பிளேடு நின்றபின் அரை நிமிடம் பொறுங்கள். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை முதலில் தூக்குங்கள், ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும். விழுதைச் சூடான சாற்றில் கரைத்து, மிளகு, சீரகப் பொடி, உப்பு சேர்த்து, நடுவிலும் கொதி வரும்வரை கொதிக்கவைத்து இறக்கலாம். முதல் கொதியில் பருப்பு நுரைத்துப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அரைக்கும்போது மின்சாரம் போய்விட்டால் முதல் வேலை குமிழை 0-வுக்குத் திருப்புவது. திருப்பாமல் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்தால், திறந்த ஜாரில் பிளேடு சுற்றத் தொடங்கிவிடும். அரைத்த சூப்பை ஜாரிலேயே மூடி ஆறவிடுவதும் கூடாது. உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகும்போது மூடியை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு பலத்தோடு இழுத்துத் திறக்கையில் ஜாரே கவிழும். அப்படி ஒட்டிக்கொண்டால் நடுவிலுள்ள சிறு மூடியை முதலில் எடுங்கள், பெரிய மூடி தானாக விட்டுவிடும்.

நண்டு சூப்புக்கும் இறால் தலைச் சாற்றுக்கும் ஒரு வார்த்தை. நண்டு ஓட்டையும் காலையும் ஜாரில் போட்டு அரைக்க வேண்டாம். வேகவைக்கும் முன்பே அம்மியில் தட்டி நசுக்கிப் போட்டால் சாறு இறங்கிவிடும், வடிகட்டினால் போதும். மிக்ஸியில் போட்டால் ஓட்டுச் சில்லுகள் ரப்பர் வளையத்தைக் கிழிக்கும். கிழிந்த வளையத்தோடு அடுத்த முறை சூடான சூப்பை அரைத்தால் ஓரமெல்லாம் கசியும்.

பாத்திரத்துக்குள்ளேயே விட்டு அரைக்கிற கைப் பிளெண்டர் இருந்தால் அழுத்தப் பிரச்சினை இல்லை, திறந்த பாத்திரத்தில் காற்று அடைபட வழியில்லை. அதற்கு இருக்கும் ஆபத்து தெறிப்பு மட்டும்தான். அடுப்பை அணைத்து, ஆழமான பாத்திரத்தில், பிளேடு முழுவதும் மூழ்கிய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தானை விட்டு, சுற்றுவது நின்ற பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

தெறித்துவிட்டால்

சூப் பட்ட துணியை உடனே கழற்றுங்கள். ஊறிய துணி சூட்டைத் தோலோடு பிடித்து வைத்திருக்கும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். பட்ட இடத்தை ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். குழாயில் வருவது மாடித் தொட்டியின் சுடுதண்ணீர் என்றால் குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். இந்த 20 நிமிடம் வேறெந்த மருந்தையும்விட அதிகம் உதவும். ஐஸ் கட்டி வைப்பது, பற்பசை, இங்க், மாவு, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கண், கைவிரல் மூட்டு வெந்திருந்தாலும், பட்டது குழந்தையாக இருந்தாலும், வெந்த இடம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் தண்ணீர் காட்டிய பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108-ஐ அழைக்கலாம். கண்ணில் பட்டிருந்தால் வண்டி வரும்வரை இமையைத் திறந்து பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.